டயருக்குள் நைட்ரஜன், டிக்கிக்குள் சீலன்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

குளிர்கால டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கூடவே அதே கேள்விகளும் வந்துவிட்டன. கனடாவில் மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். நம்மில் பலர் வீட்டில் நடக்கும் பேச்சுதான் இது.

“டயர் மாத்தப் போனா, நாலுக்கும் நைட்ரஜன் போட்டுடலாமா, ஒண்ணுக்குப் பத்து டாலர்தான்னு கடையில கேக்கறாங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கற மாமனார், ‘கோயமுத்தூர்ல பங்க்லயே நைட்ரஜன்தாம்மா அடிக்கறோம், காத்து இறங்கவே இறங்காது’ன்னு சொல்றார். கூடவே ‘டயருக்குள்ள சீலன்ட் ஒரு பாட்டில் ஊத்திடு, பஞ்சர் கவலையே இல்ல’ங்கறார். நான் தினமும் போக வர 80 கிலோமீட்டர் 401 ஹைவேல ஓட்டறேன். சாயங்காலம் லேட்டானா பையன் டே-கேர்ல காத்திட்டிருப்பான். என் கார்ல ஸ்டெப்னியே கிடையாது. எதுக்குக் காசு கொடுக்கறது, எதுக்கு வேண்டாம்?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். சீலன்ட் கட்டாயம் வேண்டும், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் டிக்கி, டயருக்குள் அல்ல. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். மாமாவிடம் பேசும்போதும் அந்தக் கணக்கு உதவும்.

நைட்ரஜன் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்தும்?

நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் ஆர்கான் போன்றவை. ஆக, சாதாரணக் காற்று அடித்த டயரிலும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் ஏற்கெனவே இருக்கிறது. கடைக்காரர் விற்பது அந்த மீதிப் பங்கை மாற்றும் வேலையைத்தான்.

அந்த மாற்றத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர் வழியாக எல்லா வாயுவும் மெதுவாக வெளியே கசியும். அதில் ஆக்சிஜன் கொஞ்சம் வேகமாகக் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை இதைச் சோதித்தே பார்த்தது. 31 வகை டயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் காற்றும் இன்னொன்றில் நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நிரப்பி, ஒரு வருடம் வெளியில் வைத்திருந்தார்கள். வருட முடிவில் காற்று அடித்த டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்திருந்தன. நைட்ரஜன் டயர்கள் 2.2 இழந்திருந்தன. முழுசாக ஒரு வருடத்துக்கு வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ. அவ்வளவுதான்.

இனி குளிருக்கு வருவோம். டயருக்குள் எந்த வாயு இருந்தாலும், குளிர்ந்தால் அழுத்தம் குறையும். நைட்ரஜனுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. சுமாராக, வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் 1 பி.எஸ்.ஐ. இறங்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகியின் காரையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. என்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் ஆரம்பத்தில், 20 டிகிரி இருக்கும் ஒரு நல்ல நாளில், நாலு டயரும் சரியாக 33. ஜனவரியில் ஒரு காலை, வெளியே மைனஸ் 15. மொத்தம் 35 டிகிரி வீழ்ச்சி. ஒரு துளிகூடக் கசியவில்லை என்றாலும் கேஜ் 27-க்குச் சற்று மேலேதான் காட்டும். குளிர் மட்டும் சுமார் ஐந்தரை பி.எஸ்.ஐ.யைச் சாப்பிட்டுவிட்டது.

இந்த மூன்று மாதக் கசிவையும் சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன சோதனையின் வேகத்தில் காற்று என்றால் சுமார் 0.9, நைட்ரஜன் என்றால் சுமார் 0.6. குளிர் எடுத்தது ஐந்தரைக்கு மேல், நைட்ரஜன் காப்பாற்றியது 0.3. நாம் கையில் வைத்திருக்கும் சாதாரண கேஜ்கள் பலவற்றில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நாலு டயருக்கு 40 டாலர் கொடுத்தது இந்த 0.3-க்காகத்தான். குளிர்கால டயர், கோடை டயர் என்று இரண்டு செட் வைத்திருந்தால் 80 டாலர்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அந்த எச்சரிக்கை விளக்கு. டயர் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் விளக்கு எரியும் இல்லையா? அமெரிக்க விதிப்படி, அந்த விளக்கு ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். 33-க்கு அது கிட்டத்தட்ட 25 பி.எஸ்.ஐ. நம் கணக்கில் டயர் 26 சொச்சத்தில் நிற்கிறது. அதாவது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, விளக்கு எரியவே இல்லை. பிரேக் பிடிக்கும் தூரம், வளைவில் வண்டி நிற்கும் விதம், டயர் ஓரங்கள் தேய்வது, பெட்ரோல் செலவு எல்லாமே இப்போதே பாதிக்கப்பட்டிருக்கும். “விளக்கு எரியலையே, எல்லாம் சரிதான்” என்பது சரியான முடிவு அல்ல. மைனஸ் 25 வரும் நாளில் விளக்கு எரியும். அரை மணி நேரம் ஓட்டினால் டயர் சூடாகி விளக்கு தானாகவே அணைந்துவிடும். அணைந்ததே என்று நாமும் மறந்துவிடுவோம்.

விமானத்துக்கு மட்டும் ஏன்?

“விமானத்துக்கே நைட்ரஜன்தானே போடறாங்க” என்று கடையில் ஒரு வசனம் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் காரணம் வேறு. விமானம் இறங்கும்போது பிரேக் பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டயரின் உள் ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி கிளம்பும். உள்ளே ஆக்சிஜனும் இருந்தால் டயர் வெடிக்கலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து கிளம்பிய மெக்சிகானா 940 விமானத்தில் இதுதான் நடந்தது. நைட்ரஜன் இருக்க வேண்டிய டயரில் காற்று இருந்தது. பிரேக் சூடாகி, டயர் வானத்தில் வெடித்து, எரிபொருள் குழாய்கள் அறுந்து தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள். பெரிய பயணிகள் விமானங்களின் டயரில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருப்பது இந்த ஆபத்துக்காகத்தான். 401-இல் நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கோயமுத்தூர் பங்க்கில் நைட்ரஜன் அடித்தால் டயர் நன்றாக இருப்பதாக மாமாவுக்குத் தோன்றுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே மைனஸ் 15 கிடையாது. வருடம் முழுக்க வெப்பநிலை பெரிதாக மாறாத ஊரில் அழுத்தமும் அதிகம் மாறாது. அந்தப் பெயரை நைட்ரஜன் வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு, நைட்ரஜன் அடிக்கும் பையன் ஒவ்வொரு முறையும் நாலு டயரையும் கேஜ் வைத்துப் பார்க்கிறான். உண்மையில் நன்மை செய்வது அந்தப் பார்வைதான்.

காசு கொடுத்தே ஆவேன் என்றால், கடையில் எப்படி நிரப்புகிறார்கள் என்றாவது பாருங்கள். இருக்கும் காற்றின் மேலேயே கொஞ்சம் நைட்ரஜன் ஏற்றி 28-ஐ 33 ஆக்கினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய காற்றுதான். வால்வைத் திறந்து காற்றை முழுக்க இறக்கிவிட்டு நிரப்பினாலும், டயர் உள்ளே வெற்றிடம் ஆகிவிடுவதில்லை. வெளிக்காற்று அளவுக்கு ஒரு பங்கு காற்று உள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் சுத்தமான நைட்ரஜனை 33-க்கு ஏற்றினால் மொத்தத்தில் 93 சதவீதம் வரும். இன்னொரு முறை இறக்கி ஏற்றினால்தான் 97, 98-ஐத் தொடும். ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பச்சை மூடி போட்டுக் கொடுத்தால், நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் அந்த மூடிக்குத்தான்.

புது டயர் வாங்கும்போதே இலவசமாக நைட்ரஜன் நிரப்பித் தரும் கடைகளும் உண்டு. அப்படிக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. அதன்பின் அழுத்தம் குறைந்தால், “நைட்ரஜன் டயர்ல காத்து அடிக்கக் கூடாதாமே” என்று பயந்து குறைந்த அழுத்தத்திலேயே ஓட்ட வேண்டாம். தாராளமாகச் சாதாரணக் காற்று அடிக்கலாம். கலந்தால் ஒன்றும் ஆகாது. குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதுதான் ஆபத்து.

அந்த 40 டாலரை என்ன செய்வது?

ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரெசர் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் ஒரு தடவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் அளந்து, குறைந்திருந்தால் ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவு அந்த டயர் தாங்கும் உச்சம். அது உங்கள் காருக்கான அளவு அல்ல.

சூடான கராஜுக்குள் நிற்கும் வண்டிக்கு ஒரு திருத்தம் தேவை. கராஜில் 15 டிகிரி, வெளியே மைனஸ் 15 என்றால், உள்ளே 33 வைத்த டயர் வெளியே போனதும் 28-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் அளவை வெளியில் நிறுத்திப் பாருங்கள். வசதிப்படாவிட்டால், உள்ளும் புறமும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தரை டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. வீதம் சேர்த்து வையுங்கள்.

மாதா மாதம் அளப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர் வந்தால் நாலு டயரும் ஒரே மாதிரி இறங்கும். மூன்று டயர் 30, ஒன்று மட்டும் 26 என்றால் அது குளிர் இல்லை. அந்த ஒன்றில் ஆணி ஏறியிருக்கிறது, அல்லது வால்வோ ரிம் ஓரமோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். ஹைவேயில் போய் உட்காரும் பஞ்சரை இப்படி வீட்டு வாசலிலேயே பிடித்துவிடலாம்.

சீலன்ட்: டிக்கியில் ஏன், டயரில் ஏன் வேண்டாம்?

சீலன்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பஞ்சர் ஆவதற்கு முன்பே டயருக்குள் ஊற்றி வைப்பது. மாமா சொன்னது அது. ஊரில் ஸ்கூட்டர், பைக் டயர்களில் பலர் அப்படி ஊற்றுகிறார்கள். நகரத்துக்குள் குறைந்த வேகம், வழியெல்லாம் ஆணியும் முள்ளும் என்ற நிலையில் அது புரிந்துகொள்ளக்கூடிய பழக்கம்தான்.

ஹைவே காருக்கு அது ஒத்துவராது. ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் திரவம் டயரின் அடியில் தேங்கும். காலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சமமாகப் பரவாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ரிம்மோடு இருக்கும் அழுத்த சென்சாரின் துளையை அது அடைக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: ஆணி ஏறியதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஓட்டையைத் திரவம் தற்காலிகமாக அடைத்துவிடும், காற்று இறங்காது. ஆனால் ஆணி உள்ளேயே இருக்கும். அந்த வழியாகத் தண்ணீரும் ஒன்டாரியோ சாலையில் கொட்டும் உப்பும் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கு வரை போகலாம். பஞ்சரைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழி அழுத்தம் குறைவதுதான். அதை நாமே மூடி வைக்கக் கூடாது.

இரண்டாவது வகை, பஞ்சர் ஆன பிறகு பயன்படுத்தும் கிட். ஒரு பாட்டில் சீலன்ட், ஒரு சின்ன கம்ப்ரெசர். இப்போது நிறைய கார்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாகக் கம்பெனியே இதைத்தான் வைத்துத் தருகிறது. வாசகியின் காரில் ஸ்டெப்னி இல்லை என்றால் டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் பெரும்பாலும் இது இருக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள், முந்தைய சொந்தக்காரர் பாட்டிலை உபயோகித்துவிட்டு வெறும் கம்ப்ரெசரை விட்டுப் போயிருக்கலாம். பாட்டிலில் காலாவதி தேதியும், எவ்வளவு குளிர் வரை வேலை செய்யும் என்பதும் எழுதியிருக்கும். தேதி முடிந்திருந்தால் பாட்டிலை மட்டும் மாற்றினால் போதும்.

எதை அடைக்கும், எதை அடைக்காது என்று தெரிந்து வைத்திருப்பது முக்கியம். தரையைத் தொடும் பட்டையில் ஏறிய ஆணி, திருகு போன்றவற்றின் சின்ன ஓட்டையை அடைக்கும். பல கிட்களுக்கு எல்லை சுமார் 6 மில்லிமீட்டர். டயரின் பக்கச் சுவர் கிழிந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்தாலோ, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டாலோ பயன் இல்லை. அப்போது டோ வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஜனவரி மாலை, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹைவே ஓரத்தில் லாரிகள் பாயும் பக்கத்தில் மண்டியிட்டு எதையும் செய்யாதீர்கள். டயரில் காற்று மிச்சமிருந்தால் மெதுவாக அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். முழுக்கத் தட்டையாகி, சாலையோரமாகத்தான் நிற்க வேண்டியிருந்தால் உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். டே-கேருக்கும் ஒரு போன்.

பத்திரமான இடத்துக்கு வந்ததும் ஓட்டையைத் தேடுங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்க வேண்டாம், அதுதான் இப்போது அடைப்பு. காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் சீலன்ட்டைத் தொடாமல், கம்ப்ரெசரை வைத்து வெறும் காற்று மட்டும் ஏற்றுங்கள். பல கிட்களில் இதற்குத் தனி குழாயோ சுவிட்சோ உண்டு. சில நிமிடம் பார்த்து, அழுத்தம் நின்றால் பக்கத்து டயர் கடைக்கு மெதுவாகப் போய்விடலாம். டயர் உள்ளே சுத்தமாக இருக்கும், ரிப்பேரும் சுலபம். சீலன்ட் போன டயரை ரிப்பேர் செய்ய மறுக்கும் கடைகளும் உண்டு என்பதால் இந்தச் சின்ன யோசனை ஒரு டயரின் விலையை மிச்சப்படுத்தலாம்.

காற்று நிற்கவே இல்லை என்றால்தான் சீலன்ட். பாட்டிலைக் கம்ப்ரெசரில் பொருத்தி, குழாயை வால்வில் திருகி, என்ஜின் ஓடும்போது ஆன் செய்யுங்கள். முதலில் கேஜ் திடீரென்று மிக அதிகமாகக் காட்டும். பயப்பட வேண்டாம், கெட்டியான திரவம் வால்வு வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. அரை நிமிடத்தில் இறங்கி, பிறகு மெதுவாக ஏறும். பத்து நிமிடத்துக்குள் கையேட்டில் சொன்ன அழுத்தம் வராவிட்டால் ஓட்டை பெரியது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அழுத்தம் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். வண்டி ஓடினால்தான் திரவம் உள்ளே சுற்றிப் பரவி ஓட்டையை மூடும். ஐந்து, பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் நிற்கிறதென்றால் தொடரலாம், நன்றாக இறங்கியிருந்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பாட்டிலோடு வரும் வேக ஸ்டிக்கரை ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டுவது அதற்காகத்தான். நேராகப் போக வேண்டிய இடம் டயர் கடை. வீட்டுக்குப் போய் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், மறுநாள் காலையில் அதே டயரில் 401 ஏற வேண்டிவரும். கடைக்காரரிடம் “உள்ள சீலன்ட் இருக்கு” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் உள்ளே துடைக்க வேண்டும், சென்சாரையும் சுத்தம் செய்ய வேண்டும்.

ரிப்பேர் என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உட்புறம் பேட்ச்சும் ஒட்டுவதுதான் முறையான வேலை. டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஒரு ரப்பர் திரியைக் குத்திவிட்டு “போலாம்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே பக்கச் சுவர் நசுங்கியிருக்கிறதா என்பது கழற்றினால்தான் தெரியும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்தச் சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில், வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லாரையும் கூப்பிடுங்கள், ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உட்பட. மாமாவும் வரட்டும், கேஜை அவர் கையில் கொடுங்கள். சீலன்ட் பாட்டிலைத் தொடாமல், கம்ப்ரெசரை மட்டும் வெளியே எடுத்து, ஒரு டயரில் இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கி மறுபடி ஏற்றிப் பாருங்கள். குழாய் வால்வு வரை எட்டுகிறதா, ஒயர் பின் டயர் வரை வருகிறதா, சாக்கெட் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.